செந்தூல் பின்சந்தில் ஒரு பள்ளம்: மண்சுவர் எவ்வளவு நேரம் நிற்கும்?

செந்தூலில் இரண்டு வரிசை வீடுகளுக்கு இடையே ஓடும் ஒரு பின்சந்தை நினைத்துப் பாருங்கள். அகலம் 6 மீட்டர். வீட்டுக் கழிவுநீரைத் தெருவின் பெரிய குழாயோடு இணைக்க, 150 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சுடுமண் குழாய் பதிக்க வேண்டும். அதற்காகக் காலை 9 மணிக்குத் தோண்டத் தொடங்குகிறார்கள். பள்ளத்தின் ஆழம் 2.2 மீட்டர், அடிப்பகுதியின் அகலம் 0.9 மீட்டர். மண்வாரி இயந்திரம் அள்ளிய மண் பள்ளத்தின் ஓரத்திலேயே குவிந்து கிடக்கிறது. சுவர்கள் கத்தியால் வெட்டிய கேக்கைப் போல நேராக நிற்கின்றன. "நன்றாகத்தான் நிற்கிறது, இறங்கு" என்கிறார் ஒருவர்.

மாணவர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். பள்ளம் நான் கற்பனையாக எடுத்துக்கொண்டது. அந்த மண்ணும் கணக்கும் கற்பனையல்ல. காலையில் நின்ற சுவர் மாலையிலும் நிற்கும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். ஈரமான மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 டன் இருக்கும். அது ஒரு காரின் எடையைவிட அதிகம். 2.2 மீட்டர் பள்ளத்தின் ஓரத்திலிருந்து அரை கன மீட்டர் சரிந்தாலே 900 கிலோ விழுகிறது. அது பஞ்சு மூட்டை போல் விழுவதில்லை. ஒரு நொடிக்குள் விழுந்து, உடம்பைச் சுற்றி இறுகிவிடுகிறது. மூச்சு வாங்க நெஞ்சு விரிய வேண்டும் அல்லவா? நெஞ்சுவரை புதைந்தவர் மூச்சை வெளியே விடும்போது மண் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். மறுபடி நெஞ்சை விரிக்க இடம் இருக்காது. ஆகவே தலை வெளியே தெரிந்தாலும் ஆபத்து நீங்கியதாக எண்ண முடியாது.

இப்போது மண்ணுக்கு வருவோம். கோலாலம்பூரின் மண்ணில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்த நகரமே ஈயத்தால் பிறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் இயங்கிய காலத்தில், சுரங்கக் குழியின் மண்ணைப் பீய்ச்சும் நீரால் கரைத்து, அந்தக் குழம்பைப் பம்பு மூலம் மேலே ஏற்றி, 'பாலோங்' எனப்படும் நீண்ட சாய்வான மரவாய்க்காலில் ஓடவிட்டார்கள். கனமான ஈயத்தாது வாய்க்காலின் தடுப்புகளில் தங்கியது. மீதி மண் வெளியேறியது. கரடுமுரடான மணல் வாய்க்காலின் வாயருகிலேயே படிந்தது. மென்மையான களிச்சேறு நீரோடு மிதந்துபோய்த் தள்ளியிருந்த குட்டைகளில் மெல்ல அடங்கியது. பிறகு பல குட்டைகள் மூடப்பட்டு, மேலே சாலைகளும் வீடுகளும் எழுந்தன.

இதனால் என்ன ஆயிற்று? இயற்கையில் கலந்து கிடந்த மணலையும் களியையும் மனிதன் பிரித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொட்டிவிட்டான். பழைய லம்ப நிலத்தில் பள்ளம் தோண்டினால் 10 மீட்டர் தூரம் மணலாக இருந்துவிட்டு, அடுத்த 10 மீட்டரில் சேறாக மாறலாம். மேலே அடித்த தாரைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது. நகரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும், அதில் நீர் அரித்த குடைவுகளும் உள்ளன. அது 2 மீட்டர் பள்ளத்தின் சங்கதி அல்ல என்றாலும், பின்னர் ஓரிடத்தில் அது நம் கதைக்குள் வரும்.

செந்தூலுக்கு இன்னும் இரண்டு சேர்க்கைகள். இது நூறாண்டுக்கு மேற்பட்ட ரயில்வே குடியிருப்பு. தண்ணீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி என ஒரே சந்து பலமுறை வெட்டி மூடப்பட்டிருக்கும். ஒருமுறை தோண்டி நிரப்பிய மண் பழைய இறுக்கத்தைத் திரும்பப் பெறாது. அடுத்தது அதிர்வு. தண்டவாளமும் கனரக வாகனங்களும் அருகில் இருந்தால், நல்ல மண்ணைக்கூட நல்ல மண்ணாகக் கணக்கிடக் கூடாது.

மணலும் களியும் வெவ்வேறு விதமாக ஏமாற்றும். மணலின் ஏமாற்றை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று பிளாஸ்டிக் கிண்ணங்களும் கொஞ்சம் மணலும் போதும். முதல் கிண்ணத்தில் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பித் தட்டில் கவிழ்த்துங்கள். அது கூம்பாகச் சரிந்து, தரையோடு ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி கோணத்தில் அடங்கும். இதை ஓய்வுக் கோணம் என்கிறோம். எத்தனை கிண்ணம் கொட்டினாலும் குவியல் பெரிதாகுமே தவிர, கோணம் ஏறாது. இரண்டாவது கிண்ணத்தில் சற்றே ஈரமான மணலை அழுத்தி நிரப்பிக் கவிழ்த்துங்கள். சுவர் செங்குத்தாக நிற்கும்! மூன்றாவதாக, அந்த ஈரமணல் கோட்டையைச் சுற்றித் தட்டில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அடிப்பகுதி உருகியதுபோல் ஓடி, முழுதும் அமர்ந்துவிடும்.

ஈரமணல் ஏன் நின்றது? மணல்துகள்களுக்கு இடையே சிறு நீர்த்துளிகள் பாலம்போல் தொங்குகின்றன. அவற்றின் மேற்பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மணல் காய்ந்தால் பாலம் இல்லை. மணல் முழுகினாலும் பாலம் இல்லை. காற்று இருந்த இடத்தையெல்லாம் நீர் நிரப்பிவிடுவதால் இழுக்கும் மேற்பரப்பே மறைந்துவிடுகிறது. காலை 9 மணிக்கு நேராக நின்ற மணல்சுவர் அந்தக் கடன் வாங்கிய பலத்தில்தான் நின்றது. நண்பகல் வெயிலில் சுவரின் முகம் காய்ந்தாலும் கடன் முடியும். கோலாலம்பூரின் வழக்கமான மாலை மழை வந்தாலும் முடியும்.

களியின் கதை வேறு. களிக்குச் சொந்தமாகவே ஒட்டும் பலம் உண்டு. அதைப் பொறியாளர்கள் c என்று குறிப்பார்கள். செங்குத்தாக வெட்டிய களிச்சுவர் தாங்கக்கூடிய அதிகபட்ச உயரத்துக்கு ஒரு பழைய எளிய சூத்திரம் உண்டு:

H = 4c ÷ γ

இங்கே γ என்பது மண்ணின் கன மீட்டர் எடை. 18 கிலோநியூட்டன் என்று கொள்வோம். கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் மட்டுமே பதியும் உறுதியான களிக்கு c ஏறக்குறைய 50 கிலோபாஸ்கல். அப்படியானால் H = 200 ÷ 18, அதாவது 11 மீட்டர்! இந்த எண்ணைப் பார்த்து யாரும் 11 மீட்டர் வெட்டிவிட வேண்டாம். காரணத்தை இதோ பார்க்கப் போகிறோம்.

லம்பச் சேறு போன்ற களியைக் கைக்குள் பிசைந்தால் விரலிடுக்கில் வழியும். அதன் c ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். H = 40 ÷ 18 = 2.2 மீட்டர். நம் பள்ளத்தின் ஆழமும் அதேதான். அதாவது சுவர் நிற்கிறது, ஆனால் ஒரு துளி பலம்கூட மிச்சமில்லாமல் நிற்கிறது. அந்தச் சுவரைப் பார்ப்பவருக்கு அது உறுதியான சுவரிலிருந்து வேறாகத் தெரியாது.

பள்ளம் வெட்டியதும் பக்கத்தில் இருந்த தாங்கல் போய்விடுகிறது. சுவர் உள்நோக்கி மிகச் சிறிதளவு நகர, மேற்பரப்பு இழுபடுகிறது. மண்ணால் இழுவிசையைத் தாங்க முடியாது. எனவே விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, பள்ளத்துக்கு இணையாக ஒரு வெடிப்பு விழுகிறது. வெடிப்பு விழுந்த பகுதி பலம் தருவதில்லை. அதைக் கணக்கில் சேர்த்தால் சூத்திரத்தின் 4 என்ற எண் ஏறக்குறைய 2.67 ஆகக் குறையும். நம் சேற்றுக்கு அது 26.7 ÷ 18, அதாவது 1.5 மீட்டர்தான். 2.2 மீட்டர் சுவர் இனி நிற்கக் காரணமே இல்லை. வெடிப்பில் மழைநீர் நிரம்பினால் நீரே ஆப்புபோல் சுவரைப் பள்ளத்துக்குள் தள்ளத் தொடங்கும்.

இதில் நேரமும் ஒரு பங்காளி. வெட்டியவுடன் களியின் நுண்துளைகளில் இருக்கும் நீர் ஒரு உறிஞ்சுவிசையை அடைகிறது. அது களியைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கிறது. மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில், சுற்றிலுமுள்ள நீர் உள்ளே ஊறி அந்த உறிஞ்சுவிசையைக் கரைக்கிறது. c மெல்ல இறங்குகிறது. "நேற்று முழுக்க நின்றது" என்பதைச் சான்றாகக் காட்டுபவர் உண்மையில் சொல்வது, சரிவதற்கு ஒரு நாள் நெருங்கிவிட்டது என்பதுதான்.

ஓரத்தில் குவித்த மண்ணை மறக்கவில்லையே? குவியல் 1 மீட்டர் உயரம் என்றால், அது அந்த ஓரத்தின் மீது சதுர மீட்டருக்கு 1.5 டன் அளவு சுமையை ஏற்றுகிறது. பள்ளம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் கூடுதல் ஆழமாகிவிட்டதற்கு அது சமம். காசு செலவில்லாமல் செய்யக்கூடிய பாதுகாப்பு வேலை ஒன்று உண்டென்றால், அது இந்தக் குவியலைத் தள்ளி வைப்பதுதான். அமெரிக்க விதி குறைந்தது 0.6 மீட்டர் என்கிறது. என்னைக் கேட்டால், தளர்ந்த மண்ணில் அது போதாது. பள்ளத்தின் ஆழம் அளவுக்குத் தள்ளுவதே நல்லது.

இனி வழி என்ன? இரண்டே வழிகள் முக்கியம்: சுவரைச் சாய்ப்பது, அல்லது முட்டுக் கொடுப்பது.

சாய்ப்பதற்குப் பல நாட்டுப் பொறியாளர்களும் எடுத்துப் பார்க்கும் ஓர் அளவு, அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 1989-இல் வெளியிட்ட விதிகளில் உள்ளது. 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால், திடமான பாறையைத் தவிர எந்த மண்ணிலும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அதைவிட ஆழம் குறைந்த பள்ளத்திலும் சரிவுக்கான அறிகுறி இருந்தால் விலக்கு இல்லை. மண்ணை அந்த விதிகள் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. 'ஏ' வகை என்பது உறுதியான களி. கிடைமட்டத்தோடு 53 டிகிரிவரை சாய்க்கலாம். 'பி' வகை நடுத்தரம்; 45 டிகிரி. 'சி' வகை மணல், மென்களி, நீர் கசியும் மண், 34 டிகிரி. முன்பே தோண்டி மூடிய மண்ணும், அதிர்வுக்கு உள்ளாகும் மண்ணும் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் 'ஏ' ஆகாது. நம் செந்தூல் சந்து முதல் தேர்விலேயே அந்த வகையை இழந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் 'சி' என்று வைத்துக்கொள்வதே வழக்கம். கடைசி 34 டிகிரியைக் கவனித்தீர்களா? தட்டில் கொட்டிய உங்கள் காய்ந்த மணலின் கோணத்தின் அருகில்தான் அது இருக்கிறது.

நம் சந்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். 45 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் 2.2 மீட்டர் விரிய வேண்டும். மேலே பள்ளத்தின் அகலம் 0.9 + 2.2 + 2.2 = 5.3 மீட்டர். 6 மீட்டர் சந்தில் மிஞ்சுவது 70 சென்டிமீட்டர். 34 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் ஆழத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 3.3 மீட்டர். மொத்தம் 7.5 மீட்டர். இரு பக்கத்து வீடுகளின் சமையலறையையும் தோண்ட வேண்டியிருக்கும்! மண்ணின் அளவையும் பாருங்கள். நேர்ச்சுவர் பள்ளத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2 கன மீட்டர் மண். 34 டிகிரி சாய்வில் அது 9 கன மீட்டருக்கு மேல். திறந்த வயலில் சாய்வு மலிவான வழி. நெருக்கமான சந்தில் அது முடியாத வழி.

ஆகவே முட்டு. சிறிய பள்ளத்துக்கான முட்டு அமைப்பில் மூன்று உறுப்புகள் இருக்கும். மண்ணை நேரடியாகத் தொடும் எஃகுத் தகடு அல்லது பலகை. அவற்றை நீளவாக்கில் சேர்த்துப் பிடிக்கும் சட்டம். ஒரு பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்துக்குக் குறுக்கே நின்று இரண்டையும் விலக்கித் தள்ளும் முட்டுக்கட்டை. இதன் அழகு என்னவென்றால், இடப்பக்க மண்ணை வலப்பக்க மண்ணே தாங்குகிறது. இன்னொரு முறை, இரண்டு எஃகுச் சுவர்களை நடுவில் குழாய்களால் இணைத்த ஆயத்தப் பெட்டியைக் கிரேன் அல்லது மண்வாரியால் பள்ளத்துக்குள் இறக்குவது. பெட்டி மண் சரிவதைத் தடுப்பதில்லை. சரிந்தாலும் உள்ளே இருப்பவர் மேல் விழாமல் காக்கிறது. ஆகையால் பெட்டிக்கு வெளியே ஓர் அடி நகர்ந்தாலும் அவர் பாதுகாப்பில்லாதவர். குழாய்த் துண்டை ஒட்டவைக்க "ஒரு நிமிடம்தானே" என்று வெளியே எட்டுவதுதான் பெட்டி உள்ள பள்ளத்தில் நடக்கும் பெரிய தவறு.

முட்டு எவ்வளவு விசை தாங்க வேண்டும்? படிவம் 5 இயற்பியலில் திரவ அழுத்தம் படித்திருப்பீர்கள். மண்ணும் அப்படித்தான், ஆனால் முழு அழுத்தத்தையும் பக்கவாட்டில் தள்ளாது. சாதாரண மணல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தள்ளும். 2.2 மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் 18 × 2.2 = 39.6 கிலோபாஸ்கல்; பக்க அழுத்தம் 13.2. மேலே பூச்சியம், அடியில் 13.2 என்பதால் சராசரி 6.6. அதை 2.2 மீட்டரால் பெருக்கினால், பள்ளத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 14.5 கிலோநியூட்டன். ஏறக்குறைய 1.5 டன். ஒரு காரைச் சுவரில் சாய்த்து வைத்ததுபோல.

இப்போது மழை பெய்து, நீர் வடியாமல் தகட்டுக்குப் பின்னால் மேல்மட்டம்வரை தேங்கியது என்று வையுங்கள். நீர் தன் அழுத்தத்தை முழுதாகவே தள்ளும். மூன்றில் ஒரு பங்கு என்ற சலுகை அதற்கு இல்லை. கணக்குப் போட்டால் மொத்தம் 32 கிலோநியூட்டன் வருகிறது. முட்டை யாரும் தொடவில்லை, ஆனால் சுமை இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. மழைக்குப் பின் தகுதியுள்ளவர் மறுபடி பரிசோதிக்காமல் பள்ளத்தில் இறங்கக்கூடாது என்பது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

முட்டு வைக்கும் வரிசையும் முக்கியம். மேல் முட்டு முதலில், பிறகு அதற்குக் கீழே அடுத்தது. வைப்பவர் எப்போதும் ஏற்கெனவே தாங்கப்பட்ட பகுதியிலேயே நிற்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: கீழ் முட்டிலிருந்து மேலே, மண்ணை நிரப்பிக்கொண்டே. வேலை முடிந்த அசதியில் எல்லா முட்டுகளையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டு நிரப்ப நினைப்பது ஆபத்து. அப்போது உள்ளே குழாய் மட்டும் இருந்தால் குழாய் உடையும், ஆள் இருந்தால்...

பள்ளத்தின் ஒரு மூலையில் சிறு குழி தோண்டிக் கல் நிரப்பி, அதில் பம்பை வைத்து நீரை இறைப்பார்கள். வெளியேறும் நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நீர் மட்டுமே வருகிறது. கலங்கலாகத் தொடர்ந்து வந்தால் மண்ணும் வருகிறது. அந்த மண் எங்கிருந்தோ காலியாகிறது. தகடுகளின் இடுக்கு வழியாக மணல் ஒழுகி, சாலைக்கு அடியில் வெற்றிடம் உருவாகும். சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த நகரில், கீழே ஏற்கெனவே ஒரு குடைவு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஆகஸ்டில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியதை நினைவில் வைத்திருப்பீர்கள். அது பள்ளச்சரிவு அல்ல. ஆனாலும் காலுக்கடியில் மண் நகர்வது மேலே இருப்பவர் கண்ணில் படாது என்பதை நகரம் முழுதும் அன்று பார்த்தது.

பழைய கழிவுநீர்க் குழாயோடு இணைக்கும் இடத்தில் மண்ணோடு இன்னோர் எதிரியும் உண்டு: ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, செறிவு கூடியதும் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. வாயுமானி கொண்டு அளந்த பிறகே இறங்க வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலையிடத்தைத் தரும் பொறுப்பை முதலாளிமீது வைத்திருக்கிறது. ஜே.கே.கே.பி. என்று நாம் அறிந்த இலாகா அதைக் கண்காணிக்கிறது. ஆனால் சின்னப் பள்ளம் அரை நாளில் தோண்டி மூடப்பட்டுவிடும். எந்த அதிகாரியும் வந்து சேருமுன் வேலை முடிந்திருக்கும். பெரிய அடித்தளக் குழிகளுக்குப் பொறியாளர் வரைபடம் இருக்கும். ஒரு வீட்டு இணைப்புக்கு இரண்டு மூன்று தொழிலாளர்களும் ஒரு மண்வாரியும்தான். அவர்களில் பலர் வெளிநாட்டவர். 'இறங்க மாட்டேன்' என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். சின்ன வேலை என்பதாலேயே அது ஆபத்தான வேலையாகிறது.

அடுத்த முறை உங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால், வேலிக்கு வெளியே நின்றபடியே கவனியுங்கள். விளிம்புக்கு இணையாகத் தாரில் வெடிப்பு ஓடுகிறதா? சுவரின் நடுப்பகுதி வயிறுபோல் புடைத்திருக்கிறதா? யாரும் தொடாமலே சிறு மண்கட்டிகள் உதிர்கின்றனவா? சுவரின் அடியில் நீர் கசிகிறதா? உள்ளே இருப்பவருக்கு அருகில், 7 அல்லது 8 மீட்டருக்குள், ஏணி இருக்கிறதா? உதிரும் கட்டிகளை இலேசாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் சுவர் சொல்லும் கடைசிச் சொல் அதுதான்.

சரிந்தே விட்டால், உதவிக்குக் குதிக்காதீர்கள், யாரையும் குதிக்கவும் விடாதீர்கள். முதல் சரிவு சுவரின் அடிப்பகுதியைக் குடைந்து, மேல்பகுதியைத் தொங்கவிட்டிருக்கும். இரண்டாவது சரிவு பெரும்பாலும் மீட்க இறங்கியவர்மேல் விழும். மண்வாரியின் வாளியால் தோண்டவும் கூடாது. புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அதன் அதிர்வும் சுமைதான். எல்லாரையும் விளிம்பிலிருந்து விலக்குங்கள். 999-ஐ அழையுங்கள். எத்தனை பேர் உள்ளே, கடைசியாக எந்த இடத்தில் நின்றார்கள் என்பதைப் பார்த்தவரிடம் கேட்டு, அந்த இடத்துக்கு நேராக வேலியில் ஒரு துணியைக் கட்டிவையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினர் முதலில் முட்டு வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அது தாமதம்போல் தோன்றும். அவர்கள் தோண்டுவதைக் கையாலும் சிறு மண்வெட்டியாலும் தொடங்குவது அந்தத் துணிக்கு நேர் கீழேதான்.